கைக்கு எது வர வேண்டும், பையிலேயே எது இருக்க வேண்டும்?

வைகைக்கரை | ஜூலை 14, இரவு 9.40

வாட்ச்சில் எந்தெந்த அறிவிப்புகளை விட்டுவைத்திருக்கிறீர்கள்? எவற்றை நிறுத்தினீர்கள்? எதற்காகக் கேட்கிறேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

மதுரையில் ஒரு கல்லூரியில் பாடம் எடுக்கிறேன். வகுப்பில் போன் சத்தமில்லாமல் பையில் கிடக்கும். வீட்டில் அப்பாவுக்கு 81 வயது. பகலில் அவரைப் பார்த்துக்கொள்ள ஓர் அம்மா வருகிறார். அவர் அழைத்தால் உடனே தெரிய வேண்டும் என்பதற்காகவே ஏப்ரலில் வாட்ச் வாங்கினேன்.

போன வியாழக்கிழமை அப்பா குளியலறை வாசலில் வழுக்கி உட்கார்ந்துவிட்டார். அந்த அம்மா 11.20க்கு என்னை அழைத்திருக்கிறார். மணிக்கட்டு அதிர்ந்தது எனக்குத் தெரியும். அதற்கு முந்தைய பத்து நிமிடத்தில் ஆறேழு முறை அதிர்ந்திருந்ததால், இதுவும் அப்படித்தான் என்று கையைத் திருப்பாமலே பாடத்தைத் தொடர்ந்தேன். 11.50க்கு வகுப்பு முடிந்து வெளியே வந்த பிறகுதான் பார்த்தேன். பக்கத்து வீட்டுப் பையன் வந்து தூக்கி உட்காரவைத்திருக்கிறான். அடி எதுவும் இல்லை. ஆனால் எதற்காக வாங்கினேனோ அதற்கே அந்த வாட்ச் அன்று உதவவில்லை.

நடைமேடை | ஜூலை 14, இரவு 10.05

வகுப்பில் போனை மேசைமேல் வைத்துக்கொண்டால் என்னம்மா? திரையில் பெயர் தெரிந்துவிடுமே. நான் ரயில்வேயில் கார்டாக இருந்தபோது எல்லாவற்றையும் கண்ணெதிரே வைத்துத்தான் பழக்கம்.

வைகைக்கரை | ஜூலை 14, இரவு 10.12

மாணவர்கள் முன் போன் வைத்திருக்கக் கூடாது என்பது எங்கள் துறையின் விதி ஐயா. அந்த விதி சரி என்றே நானும் நினைக்கிறேன். அழைப்பு கைக்கு வந்து சேரத்தான் செய்தது. வந்ததை நான் நம்பவில்லை, அதுதான் சிக்கல்.

பனைமரம் | ஜூலை 14, இரவு 10.30

மிக எளிது. வாட்ச்சுக்கான செயலியைப் போனில் திறந்து, அறிவிப்புப் பட்டியலில் வாட்ஸ்அப்பை அணைத்துவிடுங்கள். தொல்லையில் முக்கால்வாசி போய்விடும். நான் ஐபோன் வைத்திருக்கிறேன். அதில் எந்த அறிவிப்பும் போனுக்கும் வாட்ச்சுக்கும் ஒரே நேரத்தில் வரும், ஆகவே வாட்ச்சில் அணைத்தாலும் எதுவும் தவறாது.

கம்பித்தடம் | ஜூலை 14, இரவு 11.15

பனைமரம் சொன்னதில் பாதி சரி. ஆப்பிள் வாட்ச்சில் ஓர் அறிவிப்பு இரண்டில் ஒன்றுக்குத்தான் போகும். போன் திறந்து கையில் இருந்தால் போனுக்கு. போன் பூட்டிக் கிடந்து, வாட்ச் பூட்டப்படாமல் கையில் இருந்தால் வாட்ச்சுக்கு. வாட்ச்சில் அணைத்தால் போனுக்கு வரும் என்பது உண்மைதான். ஆனால் சோதித்துப் பார்க்கும்போது இது பலரைக் குழப்பும். போனைக் கையில் பிடித்தபடி இன்னொரு போனிலிருந்து செய்தி அனுப்பிவிட்டு, வாட்ச் கெட்டுப்போய்விட்டது என்று முடிவுகட்டிவிடுவார்கள். போனைப் பூட்டிக் கவிழ்த்து வைத்து, ஒரு நிமிடம் கழித்துத்தான் சோதிக்க வேண்டும்.

வைகைக்கரைக்கு: எதை அணைப்பது என்று யோசிக்கும் முன் எண்ணிப் பாருங்கள். ஆண்ட்ராய்டு 11 முதல் அமைப்புகளில் 'Notification history' என்று ஒன்று இருக்கிறது. அதை இயக்கிவைத்தால் கடந்த 24 மணி நேரத்தில் வந்த அறிவிப்புகள் நீங்கள் தள்ளிவிட்ட பிறகும் அங்கே இருக்கும். ஒரு வேலைநாளை அதில் எண்ணிவிட்டு வாருங்கள்.

வைகைக்கரை | ஜூலை 15, இரவு 8.20

எண்ணிவிட்டேன். காலை 8 முதல் மாலை 6 வரை 143.

வாட்ஸ்அப் குழுக்கள் மட்டும் 71. அதில் துறைக் குழு 38, குடியிருப்புக் குழு 19, சித்தப்பா பெரியப்பா பிள்ளைகளின் குழு 14. தனி ஆள்களிடமிருந்து வந்த வாட்ஸ்அப் 9. மின்னஞ்சல் 22. எஸ்எம்எஸ் 17, வங்கி 3, ஓடிபி 2, மீதி 12ம் கடைச் சலுகைகள். பொருள் வாங்கும் செயலிகளும் சாப்பாட்டுச் செயலிகளும் சேர்ந்து 16. செய்திச் செயலி 6. நாள்காட்டி 2.

பேனாவை எடுத்து, வந்த அந்த நேரத்தில் எனக்கு வேண்டியிருந்தவற்றை மட்டும் வட்டமிட்டேன். நாள்காட்டியின் இரண்டு, தனிச் செய்திகளில் இரண்டு, தேர்வு மண்டபம் மாறியதாகத் துறைக் குழுவில் வந்த ஒன்று. ஆக ஐந்து. மீதி 138 முறையும் மணிக்கட்டை யாரோ சும்மா தட்டிக்கொண்டே இருந்திருக்கிறார்கள்.

பனைமரம் சொன்னபடி வாட்ஸ்அப்பை முழுதாக அணைக்க முடியாது. அப்பாவைப் பார்த்துக்கொள்ளும் அம்மாவுக்கு எழுத வராது. மாத்திரை அட்டையைப் படம் எடுத்து அனுப்புவார், குரல்செய்தி அனுப்புவார். வட்டமிட்ட இரண்டு தனிச் செய்திகளும் அவருடையவை.

கம்பித்தடம் | ஜூலை 15, இரவு 9.50

அப்படியென்றால் நீங்கள் கைவைக்க வேண்டிய இடம் வேறு. வாட்ச் செயலியில் இருப்பது கண்மாய் மதகு. அதை மூடினால் எல்லா வயலுக்கும் தண்ணீர் நின்றுபோகும். வயலுக்கு வயல் மடை இருப்பது போனில்.

ஆண்ட்ராய்டு 8லிருந்து ஒவ்வொரு செயலியும் தன் அறிவிப்புகளை வகைபிரித்துத்தான் அனுப்ப வேண்டும். வாட்ஸ்அப்பில் தனிச் செய்திக்கு ஒரு வகை, குழுச் செய்திக்கு ஒரு வகை உண்டு. போனின் அமைப்புகளில் வாட்ஸ்அப்பின் அறிவிப்புப் பக்கத்துக்குப் போனால் 'Group notifications' என்று தனியாக இருக்கும். அதைத் தொட்டு 'Silent' என்று மாற்றுங்கள். வாட்ச் செயலியில் வாட்ஸ்அப்பை அணைக்காதீர்கள்.

எஸ்எம்எஸ்ஸில் உரையாடலுக்கு உரையாடல் இதைச் செய்யலாம். சலுகை அனுப்பும் கடையின் அறிவிப்பு வந்தவுடன் அதை அழுத்திப் பிடித்து, அந்த அனுப்புநரை மட்டும் சத்தமில்லாமல் ஆக்கிவிடலாம். ஒரே நாளில் முடியாது. வரவரச் செய்துகொண்டே போக வேண்டும்.

மின்னஞ்சல், பொருள் வாங்கும் செயலி, சாப்பாடு, செய்தி ஆகியவற்றுக்கு மதகையே மூடிவிடுங்கள். இதில் யோசிக்க எதுவும் இல்லை.

வைகைக்கரை | ஜூலை 16, மாலை 6.45

செய்துவிட்டேன். இன்று கை அதிர்ந்தது 19 முறை. குழுச் செய்திகள் வாட்ச்சின் பட்டியலில் போய் உட்கார்ந்திருக்கின்றன, ஆனால் கையைத் தட்டவில்லை. மதியம் சாப்பிடும்போது மொத்தமாகத் தள்ளிப் படித்தேன்.

இதே சிக்கல் உள்ள எல்லாருக்கும்: போனில் குழு வகையை 'Silent' ஆக்குங்கள், வேலை முடிந்தது.

தேங்காய்மண்டி | ஜூலை 16, இரவு 9.30

டீச்சர், வேலை முடியவில்லை. நீங்கள் சொன்னதை அப்படியே செய்தேன். போனில் சத்தம் நின்றது, வாட்ச்சில் அதிர்வு நிற்கவில்லை. என்னுடையது 1,800 ரூபாய் வாட்ச். பொள்ளாச்சியில் தேங்காய் வியாபாரம். பதினொரு குழுக்களில் இருக்கிறேன். லாரியிலிருந்து இறக்கும்போது கை தானாக ஆடுகிறது.

இன்னொன்றும் உண்டு. என் வாட்ச்சில் தமிழ் தெரியாது. கட்டம் கட்டமாகத்தான் வரும். அனுப்பியவர் பெயரை ஆங்கிலத்தில் சேமித்திருந்தால் பெயர் மட்டும் தெரியும்.

கம்பித்தடம் | ஜூலை 16, இரவு 10.40

இரண்டு வாட்ச்களும் வேலை செய்யும் விதம் வேறு. டீச்சருடையது கூகுளின் வேர் ஓஎஸ்ஸில் ஓடுவது. போன் ஓர் அறிவிப்பைச் சத்தமில்லாதது என்று குறித்தால், அந்தக் குறிப்பும் சேர்ந்தே வாட்ச்சுக்குப் போகிறது. உங்களுடைய விலையில் உள்ள வாட்ச்களில் பெரும்பாலானவை அப்படியில்லை. நிறுவனத்தின் செயலிக்கு அறிவிப்புகளைப் படிக்கும் அனுமதியைக் கொடுத்திருப்பீர்கள். போனில் எந்த அறிவிப்பு விழுந்தாலும் அது பார்க்கும், பார்த்ததை வாட்ச்சுக்குத் தள்ளிவிடும். சத்தம் உண்டா இல்லையா என்று கவனிக்கும்படி எழுதியிருந்தால் உண்டு. பல செயலிகளில் அப்படி எழுதுவதே இல்லை.

ஆகவே அறிவிப்பு போனில் விழவே கூடாது. வாட்ஸ்அப்பில் அந்தக் குழுக்களை ஆவணப்படுத்திவிடுங்கள், அதாவது 'Archive' செய்யுங்கள். அங்கே போன குழுவிலிருந்து அறிவிப்பு வராது. உங்களைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டாலோ உங்கள் செய்திக்குப் பதில் போட்டாலோ மட்டும் வரும்.

தேங்காய்மண்டி | ஜூலை 17, காலை 7.10

பத்துக் குழுக்களை அனுப்பிவிட்டேன். கை அமைதியாகிவிட்டது தம்பி. ஆனால் பதினோராவதை என்ன செய்வது? காலை ஆறு மணிக்குச் சந்தை விலை போடும் குழு. விலை வந்தவுடன் தெரிய வேண்டும். அதே குழுவில் நாள் முழுக்கப் பிறந்தநாள் வாழ்த்தும் வரும்.

வைகைக்கரை | ஜூலை 17, இரவு 8.00

நேற்று நான் எழுதிய கடைசி வரியைத் திரும்பப் பெறுகிறேன். என் வாட்ச்சில் நடந்ததை எல்லா வாட்ச்சுக்கும் பொருத்திவிட்டேன். 'Silent' போதுமா என்று ஒவ்வொருவரும் தம்முடையதில் பார்த்துக்கொள்ள வேண்டும். வீட்டில் ஒருவரைக் குழுவில் ஒரு சொல் போடச் சொல்லிவிட்டு, போனைப் பூட்டி வைத்துக்கொண்டு காத்திருந்தால் தெரிந்துவிடும்.

தேங்காய்மண்டியின் கட்டங்கள் எனக்கு ஒன்றை விளங்கவைத்தன. வாட்ச்சுக்கு வரும் அறிவிப்பு அங்கேயே முடிய வேண்டும். பார்த்தவுடன் "சரி" என்றோ "இப்போதே வெளியே போ" என்றோ தெரிய வேண்டும். என்ன செய்தி என்று அறியப் பையைத் திறக்க வேண்டியிருந்தால், அது வாட்ச்சுக்கு வந்து பயனில்லை. மின்னஞ்சல்களை இப்படிப் பார்த்தேன். பொருள் வரி பாதியில் வெட்டுப்பட்டு "தங்கள் கவனத்திற்கு" என்பதோடு நிற்கிறது. 22இல் ஒன்றையும் வாட்ச்சில் வைத்து முடிக்க முடியாது. நாள்காட்டி நேர்மாறு. "2.30 வாரியக் கூட்டம், அறை 14" என்று வந்தால் அதற்குமேல் தெரிந்துகொள்ள ஒன்றுமில்லை.

அந்தக் கணக்கில், தமிழ் தெரியாத வாட்ச்சில் தமிழில் வரும் எந்தச் செய்தியும் போனிலேயே இருப்பது நல்லது. அழைப்புகளை மட்டும் விடலாம்.

தேங்காய்மண்டி | ஜூலை 17, இரவு 8.40

விலை எண்ணில்தான் வரும் டீச்சர். எண் தெரியும். கட்டம், கட்டம், 52, கட்டம். எனக்கு அது போதும்.

வைகைக்கரை | ஜூலை 17, இரவு 8.44

அப்படியென்றால் அதை விட்டுவையுங்கள். நான் எண்ணை நினைக்கவே இல்லை.

நடைமேடை | ஜூலை 19, காலை 11.00

எனக்கு ஓடிபி வாட்ச்சில் வந்துகொண்டிருந்தது. போன மாதம் போனில் புதுப்பிப்பு வந்தபின் எண்ணுக்குப் பதிலாக 'Sensitive notification content hidden' என்று வருகிறது. வாட்ச் பழுதா, வங்கி எதையாவது மாற்றிவிட்டதா? வாட்ச் விற்ற கடையில் கேட்டேன், புது வாட்ச் வாங்கச் சொல்கிறார்கள்.

கம்பித்தடம் | ஜூலை 19, மதியம் 1.20

இரண்டும் இல்லை ஐயா, புது வாட்ச்சும் வேண்டாம். ஆண்ட்ராய்டு 15 செய்யும் வேலை இது. அறிவிப்புகளைப் படிக்க அனுமதி வாங்கிய ஏதோ ஒரு செயலி ஓடிபியைத் திருடிவிடக் கூடாது என்பதற்காக, அப்படிப்பட்ட செயலிகளுக்கு எண்ணை மறைத்துக் கொடுக்கிறது. உங்கள் வாட்ச்சின் செயலி நல்லதா கெட்டதா என்று போனுக்குத் தெரியாது. வாட்ச்சைத் துணைக்கருவியாக ஆண்ட்ராய்டின் முறைப்படி பதிவுசெய்து இணைக்கும் செயலிகளுக்கு மட்டும் மறைப்பதில்லை. உங்கள் செயலிக்குப் புதுப்பிப்பு வந்திருந்தால் போட்டுவிட்டு, வாட்ச்சைப் பிரித்து மறுபடி இணைத்துப் பாருங்கள். அதன் பின்னும் மறைத்தால் அந்த நிறுவனம் இன்னும் அதைச் செய்யவில்லை என்று பொருள்.

வைகைக்கரை | ஜூலை 19, மாலை 5.30

ஓடிபி வாட்ச்சுக்கு வரவே கூடாது என்பது என் கருத்து. வரிசையில் நிற்கும்போது நம் மணிக்கட்டு பக்கத்தில் நிற்பவரின் கண்ணுக்கு நேராக இருக்கிறது. ஓடிபி வரும்போது போன் பெரும்பாலும் கையில்தான் இருக்கும். அப்புறம் எதற்கு வாட்ச்?

நடைமேடை | ஜூலை 19, மாலை 6.15

நான் வரிசையில் நிற்பதில்லை அம்மா. மாடியில் கணினியில் ரயில் டிக்கெட் எடுக்கிறேன், போன் கீழே சார்ஜில் இருக்கும். முழங்கால் தேய்ந்த எனக்குப் பதினாறு படி இறங்கி ஏறுவதற்குள் நேரம் முடிந்துவிடும். எனக்கு ஓடிபிதான் வாட்ச்சில் முதலில் வேண்டும், மற்ற எதுவும் வேண்டாம்.

வைகைக்கரை | ஜூலை 19, மாலை 6.30

உங்கள் வீட்டுக்கு அது சரிதான் ஐயா. என் நிலையை நான் மாற்றிக்கொள்ளவில்லை.

வைகைக்கரை | ஜூலை 22, இரவு 9.15

இப்போது அழைப்புகள். இதைத்தான் முதலில் தீர்த்திருக்க வேண்டும்.

செய்திகளைக் குறைத்தாலும் அழைப்பு எல்லாமே கையில் ஒரே மாதிரிதான் தட்டுகிறது. கடன் வேண்டுமா என்று கேட்பவரும் அப்பாவைப் பார்த்துக்கொள்பவரும் ஒன்றுபோலவே வருகிறார்கள். வாட்ச் செயலியில் அழைப்பை ஆள்வாரியாகப் பிரிக்க எனக்கு வழி தெரியவில்லை. ஆகவே போனின் தொந்தரவு செய்யாதே நிலையைப் பயன்படுத்தினேன். நட்சத்திரமிட்ட தொடர்புகளின் அழைப்பை மட்டும் விடும்படி வைத்து, அந்த அம்மா, பக்கத்து வீடு, தம்பி, அப்பாவின் மருத்துவர் ஆகிய நால்வருக்கும் நட்சத்திரமிட்டேன். வகுப்பு நேரத்துக்கு அது தானாக இயங்கும்.

கூடவே 'Repeat callers' என்ற ஒன்றையும் இயக்கினேன். ஒரே எண்ணிலிருந்து 15 நிமிடத்துக்குள் இரண்டாவது முறை அழைத்தால் விட்டுவிடும். அந்த அம்மாவின் போனில் சார்ஜ் தீர்ந்து யாரோ ஒருவரின் போனிலிருந்து கூப்பிட்டால் என்ன ஆகும் என்று யோசித்ததில் இது பிடிபட்டது. "எந்தப் போனிலிருந்து என்றாலும் அடுத்தடுத்து இரண்டு முறை அடியுங்கள்" என்று அவரிடம் சொல்லிவைத்திருக்கிறேன்.

பனைமரம் | ஜூலை 22, இரவு 9.50

ஐபோனிலும் இது உண்டு. அங்கே மூன்று நிமிடத்துக்குள் இரண்டாவது அழைப்பு வர வேண்டும்.

வைகைக்கரை | ஜூலை 24, இரவு 10.00

முந்தாநாள் எழுதியதில் ஒரு திருத்தம். நேற்று வாட்ச்சில் கை பட்டு அங்கேயும் தொந்தரவு செய்யாதே நிலை இயங்கிவிட்டது. போனும் வாட்ச்சும் இதில் ஒன்றையொன்று பின்பற்றும்படி இருந்ததால் போனும் அந்த நிலைக்குப் போய், மாலை வரை அப்படியே இருந்தது. நால்வர் பட்டியலில் இல்லாத குழாய்ப் பழுதுக்காரர் ஒரே முறை அழைத்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டார். நேரப்படி இயங்குவது தானாக அணையும். கையால் இயக்கியது நாம் அணைக்கும்வரை நிற்கும். வாட்ச்சின் மேலிருந்து இழுக்கும் பலகையில் அந்தக் குறியை முதலிடத்திலிருந்து எடுத்துக் கடைசிக்கு நகர்த்திவிட்டேன்.

தேங்காய்மண்டி | ஜூலை 28, காலை 6.50

இரண்டு நாளாக வாட்ச்சில் ஒன்றுமே வரவில்லை. நேரம் சரியாகக் காட்டுகிறது, நடந்த அடிகளை எண்ணுகிறது. விலையும் வரவில்லை, அழைப்பும் வரவில்லை. ஆவணத்தில் போட்டது அதிகமாகிவிட்டதோ?

கம்பித்தடம் | ஜூலை 28, காலை 8.30

அதற்கும் இதற்கும் தொடர்பில்லை அண்ணா. நேரமும் அடிகளும் வாட்ச்சுக்குள்ளேயே நடப்பவை. போனோடு தொடர்பு அறுந்தாலும் அவை ஓடிக்கொண்டே இருக்கும், அதனால்தான் அறுந்தது தெரிவதில்லை. பேட்டரியை மிச்சப்படுத்த போன் அந்தச் செயலியைப் பின்னணியில் நிறுத்தியிருக்கும். அமைப்புகளில் அந்தச் செயலியின் பேட்டரிப் பக்கத்தில் 'Unrestricted' என்று மாற்றுங்கள். சில போன்களில் தானாகத் தொடங்கும் அனுமதி வேறு ஒரு பக்கத்தில் இருக்கும், அதையும் கொடுங்கள். பிறகு செயலியை ஒருமுறை திறந்து, வாட்ச் இணைந்திருக்கிறதா என்று பாருங்கள்.

தேங்காய்மண்டி | ஜூலை 28, காலை 9.05

வந்துவிட்டது. கட்டம், கட்டம், 54.

வைகைக்கரை | ஜூலை 28, இரவு 7.40

இதைப் படித்ததும் எனக்குப் பகீரென்றது. அமைதியாக இருக்கும் கையைப் பார்த்து நான் இத்தனை நாள் நிம்மதியாக இருந்தேன். அமைதிக்கு இரண்டு காரணம் இருக்கலாம். வடிகட்டியது சரியாக இருக்கலாம், அல்லது தொடர்பே இல்லாமல் இருக்கலாம். 143 வந்த காலத்தில் அறுந்தால் ஐந்து நிமிடத்தில் தெரிந்திருக்கும். இப்போது தெரியாது. இன்றிலிருந்து தினமும் காலை முதல் வகுப்புக்குள் நுழையும் முன், வீட்டிலிருந்து அந்த அம்மா ஒரு முறை அழைத்து மணி அடித்ததும் வைத்துவிட வேண்டும் என்று ஏற்பாடு. போன் பையில் பூட்டியிருக்கும். கை தட்டினால் உள்ளே போவேன், தட்டாவிட்டால் வாசலிலேயே நின்று சரிசெய்வேன்.

துறைக் குழுவைப் பற்றி இன்னும் முடிவெடுக்கவில்லை. அன்றைய மண்டப மாற்றம் போல மாதத்தில் ஒன்றிரண்டு வருகிறது. அதற்காக நாளுக்கு 38ஐ அனுமதிக்க மனம் வரவில்லை. அவசரமானால் பெயரைக் குறிப்பிட்டுப் போடும்படி துறைத்தலைவரிடம் கேட்டிருக்கிறேன். "பார்க்கலாம்" என்றார்.

வைகைக்கரை | ஆகஸ்ட் 5, மாலை 6.10

இன்று மறுபடி எண்ணினேன். காலை 8 முதல் 6 வரை கையைத் தட்டியவை 11.

2.10க்குத் தட்டியது. எழுதிக்கொண்டிருந்த சாக்பீஸைக் கீழே வைத்துக் கையைத் திருப்பினேன், அந்த அம்மாவின் பெயர். கதவருகே போய்ப் பேசினேன். அப்பாவுக்கு மதிய மாத்திரை தீர்ந்துவிட்டது, புது அட்டை எங்கே என்று கேட்டார். அலமாரியின் இரண்டாம் தட்டில், நீல டப்பாவில் என்று சொல்லிவிட்டுத் திரும்பினேன்.

தேங்காய்மண்டி | ஆகஸ்ட் 5, இரவு 9.20

நல்லது டீச்சர். கம்பித்தடம் தம்பி, வாழ்த்துகளைத் தவிர்த்து எண் உள்ள செய்தியை மட்டும் வாட்ச்சுக்கு அனுப்ப ஏதாவது வழி இருக்கிறதா? இன்று அந்தக் குழுவில் மூன்று பேருக்குப் பிறந்தநாள்.